சம்ப்பிலிருந்து குழாய் வரை: ஒரு வீட்டின் தண்ணீர்ப் படம்

எந்த வீட்டுக்கும் ஒரு வரைபடம் இருக்கும். அனுமதிக்காக மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ கொடுத்த அந்தத் தாளில் அறை, சன்னல், படிக்கட்டு, செப்டிக் டேங்க் எல்லாம் அளவோடு குறிக்கப்பட்டிருக்கும். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, எங்கே பிரிகிறது, எதை மூடினால் எது நிற்கும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. அது வேலை செய்த பிளம்பரின் தலைக்குள் இருந்தது. பத்து வருடம் கழித்து மாடிக் குளியலறைச் சுவரில் ஈரம் ஊறும்போது அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ! புதிதாக வருபவர் மொட்டை மாடிக்கு ஏறி, டேங்குக்குக் கீழே வரிசையாக நிற்கும் வால்வுகளைப் பார்த்து, "இதுல எதும்மா பாத்ரூமுக்குப் போகுது?" என்று கேட்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சுவரை உடைக்கிறார்கள்.

இந்தப் படத்தை வரைய இன்ஜினியர் தேவையில்லை. ஒரு தாள், நான்கு நிற பேனா, ஒரு அளவு டேப் போதும். ஆனால் எந்தக் கோணத்தில் வரைகிறோம் என்பது முக்கியம். குழாய்ப் படம் வரையச் சொன்னால் பலரும் வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் அறைகளை வரைந்து அவற்றுக்குள் கோடு இழுக்கிறார்கள். டைல்ஸில் எங்கே துளை போடக்கூடாது என்று அறிய அந்தப் படம் உதவும். தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்கு அதில் விடை கிடைக்காது. வீட்டுக்குள் தண்ணீரை ஓட வைப்பது உயரம். சம்ப்பிலிருந்து மோட்டார் அதை உயரத்துக்குத் தள்ளுகிறது. உயரத்திலிருந்து அது தன் எடையால் இறங்குகிறது. ஆகவே வீட்டைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதுபோல் வரைய வேண்டும்: கீழே மண், அதற்குள் சம்ப், மேலே தரைத்தளம், முதல் மாடி, மொட்டை மாடி, உச்சியில் டேங்க்.

ஓர் எடுத்துக்காட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் எந்தப் புறநகரிலும் காணக்கூடிய, தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு. தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் சம்ப்பில் விழுகிறது. சம்ப்புக்குப் பக்கத்தில் அரை எச்.பி. மோட்டார். மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க். கீழே ஒரு சமையலறை, ஒரு குளியலறை. மாடியில் ஒரு குளியலறை.

தாளின் இடது ஓரத்தில் முதலில் ஓர் உயரக்கோடு போடுங்கள். தரைத்தளத்தின் தரைதான் பூஜ்யம். முதல் மாடித் தரை 10 அடி. மொட்டை மாடி 20 அடி. டேங்கை 3 அடி மேடையில் வைத்திருந்தால் அதன் அடி 23 அடி. டேங்க் நிறையும்போது நீர்மட்டம் ஏறத்தாழ 26 அரை அடியில் நிற்கும். மோட்டாரிலிருந்து வரும் பைப் 27 அடியில் உள்ளே விழும். கீழே, சம்ப்பின் தரை மைனஸ் 7 அடி. சமையலறைக் குழாய் 3 அரை அடி, மாடி ஷவர் 17 அடி. இவ்வளவையும் எழுதிவிட்டால் ஒரு கோடு இழுப்பதற்கு முன்பே படம் பேசத் தொடங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து சமையலறைக் குழாய்க்கு 19 அரை அடி இறக்கம் இருக்கிறது. மாடி ஷவருக்கோ 6 அடிதான். சுமார் 33 அடி உயரத் தண்ணீர்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். அந்தக் கணக்கில் ஷவருக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. டேங்கிலிருந்து தூரத்தில் இருக்கும் கீழ்த்தளத்தில் தண்ணீர் பாய்வதும், டேங்குக்கு நேர் கீழே இருக்கும் மாடியில் ஷவர் சிணுங்குவதும் இதனால்தான். மேடையை இன்னும் 3 அடி உயர்த்தினால் ஷவரின் இறக்கம் 9 அடி ஆகிவிடும். ஷவரை மாற்றுவதா, மேடையை உயர்த்துவதா என்ற கேள்விக்கு இடது ஓரத்து எண்களே பதில் சொல்கின்றன.

இனித் தண்ணீர் வரும் வழியிலேயே பேனாவை நகர்த்துவோம். தெருவிலிருந்து வரும் கோட்டுக்குப் பச்சை. சம்ப்பிலிருந்து டேங்குக்கு ஏறும் கோட்டுக்குச் சிவப்பு. டேங்கிலிருந்து இறங்கும் கோட்டுக்கு நீலம். ஓவர்ஃப்ளோவும் டேங்க் கழுவும் பைப்பும் கறுப்பில் விட்டுவிட்டுப் போகும் கோடு. வெந்நீர் இருந்தால் அதற்கு வேறொரு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிகளும் எளியவை. வால்வுக்கு, இரண்டு முக்கோணங்கள் நுனியோடு நுனி தொட்டு நிற்கும். எப்போதும் மூடியே இருக்க வேண்டிய வால்வு என்றால் அந்த முக்கோணங்களைக் கறுப்பாக நிரப்பிவிடுங்கள். மோட்டாருக்கு ஒரு வட்டம். தண்ணீர் வெளியேறும் பக்கம் பார்த்து அதற்குள் ஒரு முக்கோணம். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் என்.ஆர்.வி.க்கு ஒரு முக்கோணம், அதன் நுனியில் ஒரு குறுக்குக்கோடு. குழாய்க்கு ஒரு சின்னத் தொங்கல். இந்தக் குறிகளின் விளக்கத்தைத் தாளின் மூலையில் எழுதிவைக்க வேண்டும். நாளை படிக்கப்போகிறவர் வேறு குறி போட்டுப் பழகியவராக இருக்கலாம்.

பச்சைக் கோடு மீட்டரைத் தாண்டியதும் முதல் வால்வு. அதற்கு வா1 என்று பெயர். அங்கிருந்து சம்ப்புக்குள் இறங்கி, மிதவை வால்வில் முடிகிறது. சம்ப் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து தெருத் தண்ணீரை நிறுத்திவிடும். பச்சைக் கோடு சம்ப்பில் முடிந்தே ஆக வேண்டும். சில வீடுகளில் அது நேராக மோட்டாருக்குப் போவதுண்டு. தெருக் குழாயை மோட்டார் உறிஞ்சும்போது அதன் உள்ளழுத்தம் குறைந்து, விரிசல் விட்ட இணைப்புகள் வழியே சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அது தெருவில் எல்லோர் வீட்டுக்கும் போகும். குடிப்பதற்கென்று சம்ப்புக்கு முன்பே ஒரு குழாய் வைத்திருந்தால் அதையும் பச்சையில் வரையுங்கள். பச்சையும் நீலமும் எந்த இடத்திலும், ஒரு வால்வு வழியாகக்கூட, சேரக்கூடாது. சேர்ந்திருந்தால், தெருவில் அழுத்தம் இல்லாத நேரத்தில் உங்கள் டேங்க் தண்ணீர் தெருக் குழாய்க்குள் இறங்கும்.

அடுத்து சிவப்பு. சம்ப்பின் தரைக்கு அரை அடி மேலே ஃபுட் வால்வ். மோட்டார் நின்ற பிறகும் உறிஞ்சும் பைப்பில் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்வது இதன் வேலை. மோட்டார் தரைக்கு ஓரடி மேலே இருக்கிறது என்றால், சம்ப் வற்றிய நிலையில் அது ஏழரை அடி உறிஞ்ச வேண்டும். நடைமுறையில் இருபது அடிக்கு மேல் இப்படி உறிஞ்ச முடியாது. ஏழரை அடியில் சிக்கல் இல்லை. மோட்டாரிலிருந்து டேங்கின் வாய் வரை 26 அடி ஏற்றம். இரண்டும் சேர்ந்து 33 அரை அடி. வளைவுகளில் உராய்ந்து இழப்பதையும் சேர்த்து நாற்பது அடி, அதாவது 12 மீட்டர் என்று கணக்கு வையுங்கள். மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் 'ஹெட்' என்று மீட்டரில் போட்டிருக்கும் அளவு இதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடைக்காரர் ஒரு எச்.பி. வாங்கச் சொல்லும்போது கையில் இந்த எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

மோட்டாரை விட்டு வெளியே வந்ததும் சிவப்புக் கோட்டில் வரிசை முக்கியம். முதலில் ஒரு யூனியன், அடுத்து என்.ஆர்.வி., அதற்கும் மேலே வா2. ஏன் இந்த வரிசை? என்.ஆர்.வி.யில் மண் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்ற வேண்டும். அதற்கு மேலே வால்வு இருந்தால் அதை மூடிவிட்டுக் கழற்றலாம். வால்வு கீழே இருந்தால், 26 அடிப் பைப்பில் நிற்கும் தண்ணீர் முழுவதும் கழற்றுகிறவரின் மேல் கொட்டும். சம்ப்புக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மோட்டாராக இருந்தால் ஃபுட் வால்வ் கிடையாது. ஏறும் பைப்பில் என்.ஆர்.வி. மட்டும் இருக்கும்.

இப்போது அம்புகள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுவதற்காக மட்டும் அம்பு போடுவதில்லை. ஒவ்வோர் அம்பையும் போட்டுவிட்டு, மோட்டார் நின்றால் இது திரும்புமா என்று கேட்க வேண்டும். திரும்பும் இடத்தில் என்.ஆர்.வி. வேண்டும், அல்லது காற்று இடைவெளி வேண்டும். சிவப்புக் கோடு டேங்குக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். பைப் நீர்மட்டத்துக்கு மேலேயே முடிந்து, தண்ணீர் காற்றில் விழுந்தால், அங்கிருந்து எதுவும் திரும்பி வர வழியில்லை. சத்தம் கேட்கிறதே என்று சிலர் ஒரு நீண்ட துண்டுப் பைப்பை மாட்டி, வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிடுகிறார்கள். பிறகு என்.ஆர்.வி.யும் ஃபுட் வால்வும் தேய்ந்து கசியத் தொடங்கினால், அந்தப் பைப் வழியாகவே டேங்க் தண்ணீர் உறிஞ்சப்பட்டு சம்ப்புக்கு இறங்கிவிடும். இரவு நிறைந்திருந்த டேங்க் காலையில் குறைந்திருக்கும்; வீட்டில் ஒரு குழாயும் ஒழுகாது. மோட்டாரை நிறுத்தியதும் அதன் பக்கத்தில் காது கொடுத்தால் தெரிந்துவிடும். நல்ல என்.ஆர்.வி. என்றால் ஒரு தட்டலோடு அமைதியாகும். கெட்டுப்போயிருந்தால் தண்ணீர் இறங்கும் கொறகொறப்பு கேட்கும். மோட்டாரின் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றுவதுகூட உண்டு.

நீலக் கோடுதான் படத்தில் அதிகக் கவனம் கேட்பது. டேங்கின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெளிவாய் இருக்கட்டும். அடியில் படியும் சேறு குழாய்க்கு வராது. அந்தச் சேற்றை வெளியேற்ற, அடிமட்டத்தில் ஒரு கழுவு பைப்பும் வா5-ம். இது எப்போதும் மூடியிருக்கும் வால்வு, எனவே கறுப்பாக நிரப்பப்பட்டது.

வெளிவாயிலிருந்து ஒரே பைப்பாக இறக்கி, முதல் மாடிக்கு ஒரு கிளை, கீழே மிச்சம் என்று செய்வது வழக்கம். செலவு குறைவுதான். ஆனால் கீழே யாராவது வாளிக்குத் தண்ணீர் திறந்தால், 19 அடி இறக்கம் உள்ள அந்தப் பக்கம் தண்ணீர் விரைந்து ஓட, பொதுவான பைப்பில் அழுத்தம் விழுந்து, 6 அடியை மட்டும் நம்பியிருக்கும் மாடி ஷவர் நூலாகிவிடும். எங்கள் எடுத்துக்காட்டு வீட்டில் இரண்டு தனி இறக்கம்: வா3 வழியாக மாடிக்கு, வா4 வழியாகக் கீழே. மாடி இறக்கத்தில் ஒரு கிளை, குளியலறைக்கு, வா6. கீழ் இறக்கத்தில் இரண்டு: குளியலறைக்கு வா7, சமையலறைக்கு வா8. டேங்கிலிருந்து இறங்கும் பைப் ஓர் அங்குலம், கிளை முக்கால், குழாய்க்குப் போகும் கடைசித் துண்டு அரை அங்குலம். அளவுகளைக் கோட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

ஒவ்வோர் இறக்கத்திலும், வால்வைத் தாண்டிய உடனே, மேல்நோக்கி ஒரு பைப் திறந்த வாயோடு நிற்க வேண்டும். மொட்டை மாடிகளில் டேங்குக்குப் பக்கத்தில் வளைந்த கழுத்தோடு நிற்குமே, அந்த ஏர் பைப். வா3-ஐ மூடிவிட்டு மாடிக் குழாயைத் திறந்தால், பைப்பில் உள்ள தண்ணீர் இறங்குவதற்கு மேலிருந்து காற்று வர வேண்டும். திரும்பத் திறக்கும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேற வேண்டும். இரண்டுக்கும் அதுதான் வழி. இதை வரையும்போது இரண்டு தவறுகள் நேரும். வால்வுக்கு முன்னால், டேங்கின் பக்கம் போட்டுவிட்டால், வால்வை மூடியதும் அதனால் பயனில்லை. டேங்கின் நிறைமட்டமான 26 அரை அடிக்குக் கீழே அதன் வாய் முடிந்தால், டேங்க் நிறையும்போதெல்லாம் அதன் வழியாகத் தண்ணீர் கொட்டும். இரண்டு தவறையும் பக்கவாட்டுப் படம் உடனே காட்டிவிடும். மேலிருந்து பார்க்கும் படத்தில் இரண்டுமே தெரியாது.

நீலக் கோடு டேங்கை விட்டபின் எங்கும் மேலே ஏறக்கூடாது. பல வீடுகளில் பைப்பைக் கைப்பிடிச் சுவரின் மேலேற்றி வெளிப்பக்கம் இறக்கியிருப்பார்கள். அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். டேங்க் நிறைந்திருக்கும்போது தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு ஓடும். பாதிக்குக் கீழே போனதும் ஓட்டம் நின்றுவிடும். டேங்கில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லை என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதுதான். சரியான மருந்து, சுவரில் துளையிட்டுப் பைப்பைத் தாழ்வாகவே கொண்டுபோவது. முடியாவிட்டால் மேட்டின் உச்சியில் ஓர் ஏர் பைப் வைக்கலாம். ஆகவே படத்தில் நேர்க்கோடாக அழகுபடுத்தாமல், மேடு இருந்தால் மேடாகவே வரையுங்கள்.

கறுப்புக் கோட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். ஏறும் பைப் ஓர் அங்குலம் என்றால் ஓவர்ஃப்ளோ அதைவிடப் பெரிதாக, ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலமாக இருக்க வேண்டும். மோட்டார் அழுத்தத்தோடு தள்ளும் தண்ணீர் இங்கே வெறும் சரிவால் வெளியேறுகிறது. அது எங்கே போய் விழுகிறது என்பதையும் வரைய வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து, மொட்டை மாடியின் மழைநீர்ப் பைப் பல வீடுகளில் கிணற்றுக்கோ, உறிஞ்சு குழிக்கோ, வடிகட்டி வழியாக சம்ப்புக்கோ போகிறது. டேங்க் கழுவிய சேற்றை மாடித் தரையில் விட்டால் அதுவும் அதே வழியில் இறங்கும். சம்ப்புக்குப் போகும் வீடென்றால், மேலே கழுவியது கீழே சேர்ந்து, மோட்டார் அதையே திரும்ப மேலேற்றும். வா5-இலிருந்து கறுப்புக் கோட்டை இழுத்துக்கொண்டே போய், அது சாக்கடையில் முடிகிறதா என்று பாருங்கள்.

படம் முடிந்ததும் அதைச் சோதிக்க வேண்டும். விரலால் ஒரு வால்வை மறைத்து, எந்தக் குழாய்கள் நிற்கும் என்று கேளுங்கள். மாடிக் குளியலறைச் சுவரில் கசிவு: வா6-ஐ மூடினால் அந்த அறை மட்டும் நிற்கும். ஆனால் வா6 அதே அறையின் சுவருக்குள் இருந்து, கசிவு அதற்கு முன்னால் என்றால், வா3-ஐ மூட வேண்டும். கீழ்வீட்டில் சமையல் நடந்துகொண்டே இருக்கும். மோட்டாரை ரிப்பேருக்கு எடுக்க வேண்டும்: வா2-ஐ மூடி, மோட்டாரின் இரு பக்க யூனியனையும் கழற்றினால் போதும், டேங்கில் உள்ள தண்ணீர் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டேங்க் கழுவ வேண்டும்: வா3, வா4 மூடி, வா5 திற. ஒரு கேள்விக்கு "எல்லாவற்றையும் மூட வேண்டும்" என்று பதில் வந்தால், அங்கே ஒரு வால்வு குறைகிறது. புது வீடென்றால் அதை இப்போதே சேர்க்கலாம். ஒரு வால்வை மூடினால் எதுவுமே நிற்கவில்லை என்று வந்தால், அது வீண் செலவு.

கட்டி முடித்த வீட்டுக்கும் இதே சோதனைதான், பின்னிருந்து முன்னாக. ஒருவர் மொட்டை மாடியில், ஒருவர் கீழே, கையில் போன். மேலே ஒரு வால்வை மூடியதும், கீழே இருப்பவர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்க்க வேண்டும். ஏர் பைப் இருப்பதால் பைப்பில் மிச்சமுள்ள தண்ணீர் கொஞ்ச நேரம் வரும். அது வடியும்வரை காத்திருந்து எழுதுங்கள். பழைய கேட் வால்வு சுற்ற மறுத்தால் முறுக்கி உடைக்காதீர்கள். வருடக்கணக்கில் அசையாமல் இருந்ததால் இறுகியிருக்கும். அந்த இடத்தைப் படத்தில் சிவப்பு வட்டமிட்டு, அடுத்த முறை பிளம்பர் வரும்போது பால் வால்வாக மாற்றச் சொல்லுங்கள். அதன் கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். படத்தில் உள்ள எண்ணை ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் பெயின்டால் எழுதிவிடுங்கள். எண் இல்லாத வால்வுக்கு இந்தப் படத்தால் பயனில்லை.

புது வீடு கட்டுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. சுவரில் பைப் பதித்து, பூச்சுக்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரிய வேண்டும். பூச்சுக்காரர் சுண்ணாம்புச் சட்டியோடு வந்த பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. அந்தப் படங்களையும் வரைந்த தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மின் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள். எந்தக் குழாயை மாற்றினாலும் அன்றே தாளில் திருத்தித் தேதி போடுங்கள்.